கைப்பேசி ஹாட்ஸ்பாட்: இணைப்பு மந்தமாவதும் அறுந்துபோவதும் ஏன்?

கைப்பேசிக்குக் கிடைக்கும் இணையத் தொடர்பை, அருகிலுள்ள மடிக்கணினிக்கோ மற்றொரு கைப்பேசிக்கோ வழங்கும் ஏற்பாட்டிற்கு ஹாட்ஸ்பாட் என்று பெயர். கம்பி வழி இணைப்பு எட்டாத கிராமப் பள்ளிகளிலும், முகாம்களிலும், கள அலுவலகங்களிலும் இன்று பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டே வேலை நடைபெறுகிறது. இதை உபயோகிப்போர் அனைவரும் ஒரு குறையைக் கூறுவதுண்டு. தொடக்கத்தில் இணைப்பு நன்றாக இருக்கிறது. பத்து, இருபது அல்லது நாற்பது நிமிடங்கள் கழிந்ததும் மந்தமாகிவிடுகிறது, அல்லது அடியோடு நின்றுவிடுகிறது. உடனே கோபுரத்தின் மீதோ கைப்பேசியின் மீதோ பழி சுமத்தப்படுகிறது. ஹாட்ஸ்பாட்டை அணைத்து மீண்டும் போடுவதே எல்லோரும் கையாளும் ஒரே வைத்தியமாக இருந்து வருகிறது.

இக்குறைக்குக் காரணம் ஒன்றல்ல. சில நிமிடங்களுக்குப் பின்னரே தோன்றும் காரணங்களுள் மூன்று முக்கியமானவை: பயனின்றி இருக்கும் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துகொள்வது, கைப்பேசி சூடேறுவது, அன்றைய டேட்டா அளவு தீர்ந்துபோவது. மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. ஒன்றிற்குரிய பரிகாரத்தை மற்றொன்றிற்குச் செய்தால் பயன் இராது; சில வேளைகளில் குறை அதிகமாகவும் கூடும். ஆதலால் எந்தக் காரணம் என்று முதலில் தெரிந்துகொள்ளும் முறையே இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

இரண்டு கண்ணிகள்

மடிக்கணினியிலிருந்து இணையத்திற்குச் செல்லும் வழியை இரண்டு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கருதலாம். மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே உள்ளது உட்கண்ணி; இது வை-ஃபை என்னும் குறுந்தொலைவு வானொலித் தொடர்பு. கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே உள்ளது வெளிக்கண்ணி; இது 4ஜி அல்லது 5ஜி தொடர்பு. கைப்பேசி இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, ஒரு பக்கத்தில் வாங்கியதை மறு பக்கத்தில் கொடுக்கிறது. தன்னோடு சேரும் ஒவ்வொரு சாதனத்திற்கும் ஓர் எண் முகவரி வழங்குவதும், எந்த விடை எந்தச் சாதனத்திற்கு உரியது என்று கணக்கு வைத்துக்கொள்வதும் அதன் வேலையே. சாதாரணமாகக் கையில் கிடக்கும் கைப்பேசி விட்டு விட்டுத்தான் வானொலி அலையை அனுப்பும். ஹாட்ஸ்பாட்டாக இருக்கும் கைப்பேசியோ இரண்டு வானொலிக் கருவிகளை ஒரே சமயத்தில் இடைவிடாது இயக்க வேண்டியிருக்கிறது. பின்னர் கூறப்படும் உஷ்ணத்திற்கு இதுவே மூலம்.

இவ்விரு கண்ணிகளின் இயல்பு வேறுபட்டது. ஒரே அறைக்குள் உட்கண்ணி பெரும்பாலும் வெளிக்கண்ணியைவிட வேகமானது. ஆகவே இணைப்பு மந்தமாயின் வெளிக்கண்ணியையும், இணைப்பு அறுந்து ஹாட்ஸ்பாட்டின் பெயரே மறைந்துபோயின் உட்கண்ணியையும் முதலில் சந்தேகிப்பது பொருத்தமாகும். இது விதியன்று, ஆராயத் தொடங்குவதற்கு ஒரு நல்ல வழி மாத்திரமே.

மடிக்கணினியின் திரையில் தெரியும் வை-ஃபைக் கோடுகள் உட்கண்ணியின் நிலையை மட்டுமே காட்டுகின்றன என்பது இங்கு மறக்கப்படலாகாது. கைப்பேசி மேசை மீது இருந்தால், கோபுரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லாதபோதும் மடிக்கணினியில் எல்லாக் கோடுகளும் நிறைவாகத் தெரியும். “கோடுகள் முழுமையாக இருக்கின்றன, ஆயினும் பக்கம் திறக்கவில்லை” என்று பலரும் வியப்பதற்கு இதுவே காரணம்.

எந்தக் கண்ணியில் குறை என்று அறிதல்

மிக எளிய சோதனை கருவி எதுவுமின்றிச் செய்யக்கூடியது. மடிக்கணினியில் பக்கம் திறக்காதபோது, ஹாட்ஸ்பாட் வழங்கும் அதே கைப்பேசியில், அதன் சொந்த டேட்டாவைக் கொண்டு, அதுவரை திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். முன்பு திறந்த பக்கமாயின் அது கைப்பேசியின் நினைவிலிருந்தே வந்து ஏமாற்றக்கூடும். கைப்பேசியிலும் பக்கம் திறக்கவில்லையெனின் குறை வெளிக்கண்ணியில் இருக்கிறது. கைப்பேசியில் விரைவாகத் திறந்து, மடிக்கணினியில் மட்டும் திறக்கவில்லையெனின் குறை உட்கண்ணியிலோ மடிக்கணினியிலோ இருக்கிறது.

சற்று நுட்பமாக அறிய விரும்புவோர் விண்டோஸ் மடிக்கணினியில் Command Prompt என்னும் சாளரத்தைத் திறந்து முதலில் பின்வருமாறு தட்டச்சு செய்யலாம்:

```
ipconfig
```

திரையில் தோன்றும் வரிகளுள், வை-ஃபைக்குரிய பகுதியில், Default Gateway என்ற சொற்களுக்கு எதிரே உள்ள எண்ணே கைப்பேசியின் முகவரி. ஐபோனாயின் அது 172.20.10.1 என்று இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 192.168.43.1 என்றிருந்தது, புதியவற்றில் வேறு எண்கள் வருகின்றன. அந்த எண் எதுவாயினும் அதைக் குறித்துக்கொண்டு, பின்வரும் இரண்டு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்:

```
ping 172.20.10.1
ping 8.8.8.8
```

முதற்கட்டளை கைப்பேசியை மட்டும் அழைத்துப் பார்க்கிறது. அதாவது உட்கண்ணியைச் சோதிக்கிறது. இரண்டாவது கட்டளை, கைப்பேசியையும் கோபுரத்தையும் கடந்து, கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்கென நடத்தும் ஒரு முகவரியை அழைக்கிறது. அதாவது இரு கண்ணிகளையும் சேர்த்துச் சோதிக்கிறது. விடை வந்தால் Reply from என்றும், அதற்கு ஆன காலம் மில்லி விநாடியிலும் காட்டப்படும். விடை வராவிடில் Request timed out என்று வரும். முதல் அழைப்பிற்கு விடை வந்து இரண்டாவதற்கு வராவிடில் வெளிக்கண்ணி அறுந்துள்ளது. முதல் அழைப்பிற்கே விடை இல்லையெனில் உட்கண்ணி அறுந்துள்ளது. முதலாவதற்குச் சில மில்லி விநாடிகளில் விடை வந்து, இரண்டாவதற்கு ஆயிரக்கணக்கான மில்லி விநாடிகள் ஆகுமெனில், வெளிக்கண்ணி அறுபடவில்லை. ஆனால் மிகவும் நெருக்கடிப்பட்டு இருக்கிறது என்று கொள்ளலாம்.

முதற் காரணம்: தானே அணையும் ஏற்பாடு

எந்தச் சாதனமும் இணையாத நிலையில் ஹாட்ஸ்பாட்டை இயக்கிக்கொண்டிருப்பது மின்கலத்திற்கு வீண் செலவு. ஆதலால் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், இணைந்த சாதனம் ஏதும் இல்லாமல் குறிப்பிட்ட காலம் கழிந்தால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைக்கும் ஏற்பாடு அமைந்துள்ளது. ஆண்ட்ராய்டின் மூல அமைப்பில் இக்கால அளவு 10 நிமிடம். தயாரிப்பாளர் சிலர் இதை மாற்றியமைப்பதும் உண்டு. ஐபோனிலும் இதையொத்த இயல்பு உள்ளது. Personal Hotspot என்னும் திரையை விட்டு வெளியேறியபின் எந்தச் சாதனமும் இணையாவிடில், அது விரைவிலேயே தன் பெயரை அறிவிப்பதை நிறுத்திக்கொள்கிறது. அதனாலேயே முதல் சாதனம் இணையும்வரை அத்திரையிலேயே இருக்கும்படி ஆலோசனை கூறப்படுகிறது.

“மடிக்கணினி இணைந்துதானே இருந்தது, பின் எவ்வாறு அணைந்தது?” என்ற ஐயம் எழலாம். இங்கேதான் மடிக்கணினியின் பங்கு வருகிறது. சிறிது நேரம் எவரும் தொடாவிடினும், மூடியை மூடினாலும், மடிக்கணினி உறக்க நிலைக்குச் செல்கிறது. உறங்கும் மடிக்கணினி பொதுவாக வை-ஃபையைத் துண்டித்துக்கொள்கிறது. கைப்பேசியின் கணக்கில் அந்த நிமிடம் முதல் இணைந்த சாதனம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் கடந்ததும் ஹாட்ஸ்பாட் அணைகிறது. மடிக்கணினியை மீண்டும் திறக்கும்போது ஹாட்ஸ்பாட்டின் பெயர் வை-ஃபைப் பட்டியலிலேயே காணப்படுவதில்லை. மடிக்கணினியின் உறக்கமும் கைப்பேசியின் சிக்கனமும் சேர்ந்து விளைவித்த இந்நிகழ்ச்சி, இணைப்பு தானாக அறுந்ததுபோல் தோற்றமளிக்கிறது.

இதன் அடையாளம் ஐயத்திற்கு இடமற்றது. ஹாட்ஸ்பாட்டின் பெயர் பட்டியலில் இராது. கைப்பேசியின் மேற்பட்டையில் ஹாட்ஸ்பாட் குறியும் இராது. கைப்பேசியின் சொந்த இணையம் மட்டும் ஒரு குறையுமின்றி நடக்கும். பரிகாரமும் எளியது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புகளுள் Turn off hotspot automatically என்றோ அதை ஒத்த பெயரிலோ உள்ள ஏற்பாட்டை, வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் நிறுத்திவைக்கலாம். வேலை முடிந்தபின் அதை மீண்டும் போட்டுவிடுவது மின்கலத்திற்கு நல்லது. மடிக்கணினியின் உறங்கும் காலத்தை அந்த வகுப்பு முடியும்வரை நீட்டிவைப்பது மற்றொரு வழி.

இரண்டாம் காரணம்: உஷ்ணம்

ஹாட்ஸ்பாட்டாக இயங்கும் கைப்பேசியில் இரண்டு வானொலிக் கருவிகளும் ஓயாது உழைக்கின்றன என்று மேலே கூறப்பட்டது. இவற்றுள் அதிக மின்சாரத்தை விழுங்கக்கூடியது கோபுரத்தை நோக்கி அலை அனுப்பும் பகுதி. சாதாரண 4ஜி கைப்பேசி உச்ச நிலையில் சுமார் 0.2 வாட் ஆற்றலை அலையாக வெளியிடலாம். ஆனால் அந்த அளவு அலையை உண்டாக்குவதற்கு, அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் உள்ளே செலவாகிறது. வேறுபாடு முழுவதும் உஷ்ணமாகிறது. எவ்வளவு ஆற்றலுடன் அனுப்ப வேண்டும் என்பதைக் கோபுரமே கைப்பேசிக்கு அவ்வப்போது அறிவிக்கிறது. கோபுரம் அருகிலிருந்தால் மிகக் குறைந்த ஆற்றல் போதும். தொலைவிலிருந்தாலோ, தகரக் கூரைக்கும் தடித்த சுவர்களுக்கும் உள்ளே கைப்பேசி இருந்தாலோ, ஏறக்குறைய உச்ச ஆற்றல் வேண்டியிருக்கும். ஆகவே அலை பலவீனமான இடத்தில் கைப்பேசி அதிகம் சூடேறுவது இயற்கையே.

இதனுடன் மின்னூட்டமும் சேர்கிறது. மின்னூட்டம் பெறும் மின்கலம் தானும் உஷ்ணத்தை உண்டாக்குகிறது. வேகமாக ஊட்டும் சார்ஜர்கள் இன்னும் அதிகமாக உண்டாக்குகின்றன. இவற்றிற்கு மேல் சுற்றுப்புற வெப்பம். தன் கைப்பேசிகளை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புற வெப்பத்தில் உபயோகிக்க வேண்டுமென்று ஆப்பிள் நிறுவனம் வரையறுத்துள்ளது. விதர்ப்பத்திலும் ராஜஸ்தானத்திலும் தெலங்கானாவிலும் கோடைக்காலத்தில் நிழலிலேயே வெப்பம் இவ்வளவைக் கடந்துவிடுகிறது. நேரான வெயிலில் கிடக்கும் கறுப்பு நிறக் கைப்பேசியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

உட்பாகங்கள் குறித்த வெப்பத்தைத் தாண்டியதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள முற்படுகிறது. செயலியின் வேகத்தைக் குறைக்கிறது. திரையின் ஒளியை மங்கச் செய்கிறது. மின்னூட்டத்தைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது. 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்குவதும், வானொலிக் கருவியின் உழைப்பைக் கட்டுப்படுத்துவதும் உண்டு. மிகவும் சூடேறினால் சில கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட்டையே அணைத்துவிடும். இவை யாவும் பழுதுகளல்ல. பழுது நேராமல் காக்கும் ஏற்பாடுகள்.

இதன் அடையாளம் என்னவெனில், வேகம் ஒரேயடியாக விழாமல் படிப்படியாகக் குறையும். கைப்பேசியின் முதுகு கையால் தாங்க இயலாத அளவுக்குச் சூடாக இருக்கும். நிழலுக்குக் கொண்டுவந்து, சார்ஜரை எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டால் வேகம் திரும்பிவரும். அவ்வாறு திரும்பி வருவதே காரணம் உஷ்ணம் என்பதற்குத் தக்க சான்று. ஆற வைப்பதற்காகக் கைப்பேசியைக் குளிர்பெட்டியில் வைப்பதோ ஈரத்துணியில் சுற்றுவதோ கூடாது. உள்ளே நீர் கசிந்து கருவி கெடும். மெத்தையுறையைக் கழற்றி, மரமேசை மீது, காற்றோட்டத்தில் வைத்தாலே போதும்.

மூன்றாம் காரணம்: நாளளவு தீர்தல்

இந்தியாவில் முன்பணம் செலுத்திப் பெறும் கைப்பேசித் திட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டேட்டா அளந்து கொடுக்கப்படுகிறது, 1.5 ஜிகாபைட், 2 ஜிகாபைட் என்பன பழக்கமான அளவுகள். இந்த அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை. வேகம் மட்டும் மிகவும் தாழ்த்தப்படுகிறது. விநாடிக்கு 64 கிலோபிட் என்பது இவ்வாறு தாழ்த்தப்பட்ட வேகத்திற்குப் பொதுவாக வழங்கும் அளவு. பெரும்பாலும் நள்ளிரவில் புதிய அளவு வழங்கப்படும்வரை இந்நிலை நீடிக்கும்.

64 கிலோபிட் என்பது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 64 கிலோபிட் என்பது விநாடிக்கு 8 கிலோபைட். இன்று சாதாரணமாகக் காணப்படும் 2 மெகாபைட் அளவுள்ள ஒரு பக்கம் முழுவதும் இறங்க 250 விநாடி, அதாவது நான்கு நிமிடத்திற்கு மேல் ஆகும். அதற்குள் உலாவி பொறுமையிழந்து, இணைப்பு இல்லை என்று அறிவிக்கவும் கூடும். உண்மையில் இணைப்பு இருக்கிறது; உபயோகிக்க இயலாத அளவுக்குக் குறுகியிருக்கிறது. எழுத்து வடிவிலான சிறு செய்திகள் மட்டும் அப்போதும் போய்க்கொண்டிருக்கும். இதுவே இக்காரணத்தின் சிறந்த அடையாளம்: வேகம் ஒரு நிமிடத்தில் திடீரென விழுகிறது, கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒருங்கே விழுகிறது, அணைத்துப் போட்டாலும், ஆற வைத்தாலும், இடம் மாற்றினாலும் திரும்புவதில்லை. அளவு தீர்ந்ததென்ற குறுஞ்செய்தியும் பெரும்பாலும் வந்திருக்கும்.

கைப்பேசியில் நாள் முழுவதும் போதுமானதாக இருக்கும் அளவு, ஹாட்ஸ்பாட்டில் ஒரு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடுவது ஏன்? வீட்டிலுள்ள கம்பி இணைப்பைப் போன்றே மடிக்கணினி இதையும் எண்ணுகிறது. விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்ளத் தொடங்கும். புகைப்படங்களையும் ஆவணங்களையும் சேமிப்பகத்திற்கு அனுப்பும் நிரல்கள் நிலுவையைத் தீர்க்க முற்படும். திரையில் இவற்றின் சுவடே தெரியாது. இதைத் தடுக்க, விண்டோஸில் அந்த வை-ஃபைக்குரிய அமைப்புகளைத் திறந்து, Metered connection என்ற தேர்வைப் போட்டுவைக்க வேண்டும். இது அளவிட்டுக் கட்டணம் வாங்கும் இணைப்பு என்று அதன்மூலம் மடிக்கணினிக்குத் தெரிவிக்கப்படுகிறது. பெரும்பாலான புதுப்பிப்புகள் அப்போது காத்திருக்கும்.

ஓர் உதாரணம்

மூன்று காரணங்களும் எவ்வாறு ஒன்றோடொன்று கலந்து தோன்றும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாகபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் ஏப்ரல் மாதத்தில் ஒரு பயிற்சி நடைபெறுவதாகக் கொள்வோம். தலைமையாசிரியரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியே ஹாட்ஸ்பாட். நாளளவு 1.5 ஜிகாபைட், அதாவது ஏறக்குறைய 1,500 மெகாபைட். காலையில் அவர் சொந்த உபயோகத்தில் 200 மெகாபைட் செலவாயிற்று. மீதம் 1,300 மெகாபைட். பத்து மணிக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக் காட்சி மடிக்கணினியில் தொடங்குகிறது. அக்காட்சிக்கு விநாடிக்கு 2 மெகாபிட் வேண்டும். எட்டால் வகுத்து அறுபதால் பெருக்க, நிமிடத்திற்கு 15 மெகாபைட் ஆகிறது. ஒரு மணி நேரத்திற்கு 900 மெகாபைட். இருப்பு 1,300 என்பதால் எல்லோரும் நிம்மதியாக இருக்கின்றனர்.

ஆனால் 10 மணி 37 நிமிடத்திற்குக் காட்சி நின்றுவிடுகிறது. காட்சியோடு கூட, விண்டோஸ் புதுப்பிப்பும் புகைப்படச் சேமிப்பும் நிமிடத்திற்கு 20 மெகாபைட் வீதம் இழுத்துக்கொண்டிருந்தன. ஆக மொத்தம் நிமிடத்திற்கு 35 மெகாபைட். 1,300-ஐ 35-ஆல் வகுத்தால் 37 நிமிடம். கணக்கும் நிகழ்ச்சியும் ஒத்துப்போகின்றன. இதை அறியாத தலைமையாசிரியர், கோபுரத்தில் கோளாறு என்று எண்ணி, 10 மணி 40 நிமிடத்திற்கு மடிக்கணினியின் மூடியை மூடி, தேநீர் இடைவேளை விடுகிறார்.

மூடியை மூடியதும் மடிக்கணினி உறங்குகிறது, வை-ஃபை துண்டிக்கப்படுகிறது. 10 மணி 50 நிமிடத்திற்கு ஹாட்ஸ்பாட் தானே அணைகிறது. பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால் ஹாட்ஸ்பாட்டின் பெயரே காணவில்லை. முதலில் மந்தம், பிறகு மறைவு. ஆகவே கோளாறு முற்றிவிட்டது என்று அனைவரும் கருதுகின்றனர். உண்மையில் இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு நிகழ்ச்சிகள். ஹாட்ஸ்பாட்டை மீண்டும் போட்டதும் பெயர் தோன்றுகிறது. இரண்டாவது குறை நீங்கிற்று. ஆனால் பக்கம் திறக்கவில்லை, முதற்குறை நீங்கவில்லை. கைப்பேசியிலேயே ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், குறை வெளிக்கண்ணியில் உள்ளதென்பது 10 மணி 38 நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். குறுஞ்செய்திகளைப் பார்த்திருந்தால் காரணமும் தெரிந்திருக்கும்.

மறுநாள் மடிக்கணினியில் புதுப்பிப்புகள் தடுக்கப்படுகின்றன. “நேற்று அலை சரியில்லை” என்ற எண்ணத்தால், கைப்பேசியைக் கிழக்குச் சன்னலின் விளிம்பில் வைத்து, சார்ஜரையும் பொருத்துகின்றனர். அலை சற்று நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் இருபது நிமிடத்திற்குப் பின் காட்சி தெளிவிழக்கிறது. பிறகு அடிக்கடி தயங்குகிறது. இம்முறை வேகம் திடீரென விழவில்லை, படிப்படியாகக் குறைந்தது. நாளளவில் இன்னும் ஆயிரம் மெகாபைட்டுக்கு மேல் மீதமிருக்கிறது. ஹாட்ஸ்பாட்டின் பெயரும் மறையவில்லை. எடுத்துப் பார்த்தால் கைப்பேசி அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது. முதல் நாள் இல்லாத குறைக்குச் செய்த வைத்தியம் இரண்டாம் நாள் புதிய குறையை உண்டாக்கிற்று. நிழலில் வைத்து, சார்ஜரைக் கழற்றியபின், கால் மணி நேரத்தில் காட்சி சீராகிறது.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

மேற்கண்ட உதாரணத்திலிருந்து செய்முறை தானே விளங்கும். பயிற்சிக்கு முந்திய மாலையில், காட்சியின் கால அளவையும் வேகத்தையும் கொண்டு தேவையான மெகாபைட்டைக் கணக்கிட்டு, நாளளவோடு ஒப்பிட வேண்டும். போதாதெனத் தெரிந்தால் காட்சியின் தெளிவைக் குறைத்து ஓட்டலாம். அல்லது முதல் நாள் இரவே அதை இறக்கிச் சேமித்துவைக்கலாம். அன்று தீராமல் மிஞ்சும் அளவு மறுநாளுக்கு வராத திட்டங்களில் இவ்வாறு இறக்கிக்கொள்வது செலவின்றிக் கிடைக்கும் ஆதாயம்.

கூடுமானவரை கைப்பேசியையும் மடிக்கணினியையும் யுஎஸ்பி கம்பியால் இணைப்பது சிறந்தது. கைப்பேசி அமைப்புகளில் USB tethering என்ற தேர்வு இதற்காகவே உள்ளது. அப்போது உட்கண்ணி வானொலியிலிருந்து கம்பிக்கு மாறுவதால் ஒரு வானொலிக் கருவிக்கு ஓய்வு கிடைக்கிறது. மடிக்கணினியின் சாதாரணத் துளையிலிருந்து வரும் மின்னூட்டம் வேகச் சார்ஜரைவிட மிகவும் மெதுவானதாகையால் சூடும் குறைவு. மடிக்கணினி ஒன்றே ஒன்று இருக்கும் வகுப்பிற்கு இதுவே போதுமானது. பல சாதனங்கள் இணைய வேண்டுமாயின் வை-ஃபை வேண்டியதே. அப்போது வெளிக்கண்ணியின் வேகம் அவற்றிடையே பங்கிடப்படும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். விநாடிக்கு 8 மெகாபிட் கிடைக்குமிடத்தில் நால்வர் ஒருசேரக் காட்சி பார்த்தால், ஒருவருக்கு 2 மெகாபிட்டே கிட்டும்.

இரண்டு சிம்கள் உள்ள கைப்பேசியில் மற்றொரு சிம்முக்கு அழைப்பு வந்து பேசும் நேரத்தில், பல கருவிகளில் டேட்டா நின்றுபோகும். பேச்சு முடிந்ததும் மீளும். குறை அழைப்போடு தொடங்கி அழைப்போடு முடியுமாயின் மேற்கூறிய மூன்று காரணங்களையும் தேட வேண்டுவதில்லை. பயிற்சி நேரத்தில் அந்த சிம்மை நிறுத்திவைத்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் நாள்தோறும் மந்தமாயின், கோபுரத்தில் கூட்டம் அதிகம் என்று கொள்ளலாம். அதை உபயோகிப்பவர் தீர்க்க இயலாது. வேலையை வேறு நேரத்திற்கு மாற்றுவதே அவர் கையில் உள்ளது.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஒரு சிறு சோதனையாக மாணவர்க்குக் காட்டலாம். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மடிக்கணினியை இணைத்து, தானே அணையும் ஏற்பாடு இயங்குவதை உறுதி செய்துகொண்டு, மூடியை மூடுக. கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துவைக்கச் செய்க. கைப்பேசியின் மேற்பட்டையில் ஹாட்ஸ்பாட் குறி மறையும் நேரத்தையும் குறிக்கச் செய்க. இரண்டுக்கும் இடைப்பட்ட காலமே அக்கைப்பேசியின் காத்திருக்கும் காலம். இதே சோதனையை வேறு தயாரிப்பாளரின் கைப்பேசியிலும் செய்து, இரண்டு அளவுகளையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி ஒப்பிடலாம்.

இரண்டாவது சோதனைக்கு, கைப்பேசியின் டேட்டாக் கணக்கில் காணும் எண்ணை முதலில் எழுதிக்கொள்க. மடிக்கணினியில் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் பத்து நிமிடம் இணைத்தே வைத்திருந்து, மீண்டும் அந்த எண்ணைப் பார்க்கச் செய்க. எவரும் எதுவும் செய்யாதபோது மடிக்கணினி எவ்வளவு இழுத்தது என்பது வேறுபாட்டால் வெளிப்படும். Metered connection தேர்வைப் போட்டபின் இச்சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டு விடைகளையும் நாளளவோடு ஒப்பிட்டு, அந்த வேகத்தில் இழுத்தால் நாளளவு எத்தனை மணி நேரத்தில் தீரும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்.